தூரத்துக் கூட்டத்தின் சட்டை நிறத்தை மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கத்தில் நிற்பவரின் சட்டை நிறத்தை மாற்றினால் சுத்தமாக வருகிறது. அதே முறையில் தூரத்தில் நிற்பவர்களுக்குச் செய்தால் ஏன் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறது?

தூரத்து ஆளின் சட்டையில் கிட்டத்தட்டப் பாதி ஓரம்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் புரியும். 6000 பிக்சல் அகலமுள்ள முழு ஃபிரேம் கேமரா, 24 மி.மீ. லென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 மீட்டர் தள்ளி நிற்பவரின் டி-ஷர்ட் அந்தப் படத்தில் ஏறக்குறைய 7 பிக்சல் அகலம், 9 பிக்சல் உயரம்தான் வரும். மொத்தம் 63 பிக்சல். அதில் வெளி ஓரமாக ஓடுபவை மட்டும் 28. பக்கத்தில் நிற்பவரின் சட்டை 400க்கு 500 பிக்சல் என்றால் ஓரம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே ஓரத்தைக் கோட்டைவிட்டாலும் யாரும் பார்க்கப்போவதில்லை. இங்கே ஓரத்தைக் கோட்டைவிட்டால் சட்டையையே கோட்டைவிட்டதாகிவிடும்.

அந்த 28 பிக்சலும் முழுச் சட்டையும் இல்லை, முழுப் பின்னணியும் இல்லை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சட்டை, கொஞ்சம் புல், கழுத்துப் பக்கம் கொஞ்சம் தோல், இடுப்புப் பக்கம் கொஞ்சம் பேன்ட் கலந்திருக்கும். இந்தக் கலப்பை எப்படிக் கையாளுகிறோம் என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

கீழே வரும் பதில்களில் ஒரே படத்தை எடுத்துக்கொள்கிறேன். மேலே சொன்ன அளவுதான்: மைதானத்தின் மறுகோடியில், புல்தரையில் 12 தன்னார்வலர்கள் சிவப்பு டி-ஷர்ட்டில் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் நீலத்தில் தெரிய வேண்டும், படம் பெரிதாக அச்சாகப் போகிறது.

Photoshop இல் Color Range வைத்துச் சிவப்பைத் தேர்ந்தெடுத்து Hue நகர்த்தினேன். ஒவ்வொரு ஆளையும் சுற்றிப் பழுப்பாக ஒரு கோடு நிற்கிறதே?

அதுதான் கலந்த பிக்சல். சட்டையின் நடுவில் நிறத்தை அளந்தால் (180, 40, 45) என்று வருகிறது. பக்கத்துப் புல் (90, 130, 60). ஓரத்தில் பாதிக்குப் பாதி கலந்த பிக்சல் ஏறத்தாழ (135, 85, 52) இருக்கும். இது மங்கலான பழுப்பு. நிறத்தை வைத்துத் தேடும் கருவிக்கு இது சிவப்பே இல்லை, அதனால் விட்டுவிடுகிறது. நடுப்பகுதி நீலமாகிவிட, பழைய சிவப்பின் மிச்சம் மட்டும் வளையமாக நிற்கிறது.

சரி, Fuzziness கூட்டினால்? கூட்டலாம். பழுப்பு பிடிபடும், கூடவே கை, முகம், காய்ந்த புல், தடகளப் பாதை என்று அந்தச் சாயலில் இருக்கும் அத்தனையும் பிடிபடும். முகம் நாலு பிக்சல்தானே என்று நினைக்காதீர்கள். நாலு பிக்சல் முகம் நீலம் கலந்தால் ஆள் நோயாளி மாதிரித் தெரிகிறார். எந்த வகைத் தேர்வு செய்தாலும் முதலில் லேசோவால் ஒவ்வொரு உடம்பையும் தனித்தனியாக வளைத்துவிட்டு அதற்குள் மட்டும் செய்யுங்கள்.

மாஸ்க்கின் ஓரத்தை மென்மையாக்கினால் சரியாகிவிடாதா? எல்லோரும் feather போடு என்றுதானே சொல்கிறார்கள்?

பழுப்பு போய் ஊதா வரும். எப்படி என்று அதே பிக்சலை வைத்துப் பார்ப்போம்.

நமக்கு வேண்டிய நீலம் (40, 60, 150). அந்த ஆள் உண்மையிலேயே நீலச் சட்டை போட்டிருந்தால், ஓரப் பிக்சல் பாதி நீலமும் பாதிப் புல்லுமாக (65, 95, 105) என்று இருந்திருக்கும். கொஞ்சம் பச்சை ஏறிய சாம்பல் நீலம். இப்போது மாஸ்க் அந்த இடத்தில் 50 சதவீதம், மேலே நீல லேயர் Normal முறையில் இருக்கிறது. மேலேயிருந்து பாதி நீலம் வருகிறது, கீழேயிருந்து பாதிப் பழுப்பு வருகிறது. கூட்டினால் (87, 72, 101). பச்சை குறைந்து, சிவப்பு மிஞ்சி, மங்கிய ஊதா.

கீழே இருக்கும் பிக்சல் ஏற்கெனவே ஒருமுறை கலந்தது. அதை மறுபடி பாதி கலக்கிறோம். மென்மையான மாஸ்க் என்பது அடியில் சுத்தமான பின்னணி இருந்தால் மட்டும் சரியாக வேலை செய்யும். இங்கே அடியில் இருப்பது சிவப்பு ஊறிய பின்னணி. feather அளவை 0.3, 0.5, 1 என்று மாற்றி மாற்றிப் பார்த்து நான் ஒரு ராத்திரி முழுக்க வீணாக்கியிருக்கிறேன். கோளாறு அந்த எண்ணில் இல்லை, கீழே இருக்கும் லேயரில் இருக்கிறது.

(பாதிக்குப் பாதி என்று நேராகச் சராசரி எடுத்தது தோராயம்தான். லென்ஸில் வெளிச்சம் கலப்பது வேறு கணக்கு. உண்மை எண்கள் கொஞ்சம் வெளிச்சமாக வரும். ஊதா வளையம் எப்படியும் வரும்.)

அப்படியானால் சரியான முறை என்ன?

அடியில் சுத்தமான பின்னணியை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். மூன்று அடுக்கு.

முதல் அடுக்கு, சுத்தப் பின்னணி. புது லேயர் போட்டு, படத்தை 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, Clone Stamp ஐ 2 அல்லது 3 பிக்சல் அளவில், ஓரம் கடினமாக வைத்துக்கொண்டு, சட்டையின் ஓர வளையத்தின்மேல் பக்கத்துப் புல்லைக் கொண்டுவந்து வையுங்கள். ஓரத்துக்கு வெளியிலும் ஒன்றிரண்டு பிக்சல் போக வேண்டும், ஏன் என்று JPEG பற்றிய பதிலில் சொல்கிறேன். எல்லாப் பக்கமும் புல் அல்ல என்பதை மறந்துவிடாதீர்கள். இடுப்பு ஓரத்தில் பின்னணி பேன்ட், அதனால் பேன்ட் நிறத்தை ஒரு பிக்சல் மேலே இழுத்துவிட வேண்டும். கழுத்திலும் கையிலும் தோல் நிறத்தை உள்ளே இழுக்க வேண்டும். இடுப்பிலும் புல்லை வைத்தால் ஆள் இரண்டாக வெட்டுப்பட்ட மாதிரி வரும்.

இரண்டாவது அடுக்கு, சட்டை. அசல் படத்திலிருந்து சட்டையின் நடுப்பகுதியை மட்டும், அதாவது கலப்பில்லாத 5க்கு 7 பிக்சலை, தனி லேயராக எடுங்கள். அதன் ஓரப் பிக்சல்களையே வெளிப்பக்கம் ஒரு பிக்சல் நீட்டி 7க்கு 9 ஆக்குங்கள். இப்போது சட்டை லேயரில் புல் துளியும் இல்லை. நிற மாற்றத்தை இதற்கு மட்டும் கொடுங்கள்.

மூன்றாவது, மாஸ்க். சட்டை லேயருக்கு மாஸ்க் போட்டு, நடுவை வெள்ளையாக விட்டு, ஓரப் பிக்சல்களை 50 சதவீதச் சாம்பலில் தொடுங்கள். பிறகு அசலை மறைத்துக் காட்டி ஒப்பிட்டு, தோள்பட்டை மாதிரி இடங்களில் கொஞ்சம் கூட்டிக் குறையுங்கள். இப்போது சாம்பலின் வழியே தெரிவது சுத்தமான புல். கணக்கு தானாக (65, 95, 105) பக்கம் வந்து நிற்கும்.

12 பேருக்கும் இப்படி மூன்று அடுக்கா? அதைவிடக் குறுக்குவழி கிடையாதா?

இரண்டு உண்டு.

சட்டை 10 பிக்சலுக்குக் குறைவான அகலம் என்றால், என்னைக் கேட்டால் கையாலேயே வரைவது வேகம். நடுப்பகுதியை நிறம் மாற்றிவிட்டு, மேலே ஒரு Normal லேயரில், 1 பிக்சல் Pencil கொண்டு ஓரப் பிக்சல்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். புதுச் சட்டைக்கும் அந்தப் பக்கத்துப் பின்னணிக்கும் இடைப்பட்ட நிறம் வேண்டும். ஒரு ஆளுக்கு 28 தொடல், 12 பேருக்கு 336. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் புல் ஒன்றே என்பதால் இடைநிறம் நாலைந்துக்கு மேல் தேவைப்படாது.

இன்னொன்று கொஞ்சம் அழுக்கான வழி. படம் திரையில் மட்டும் ஓடப்போகிறது என்றால் போதும். ஓர வளையத்தின்மேல் Color முறையில் ஒரு லேயர் வைத்து, புல்லின் நிறத்தைப் பூசிவிடுங்கள். ஒளிர்வு அப்படியே இருக்கும், சிவப்பு மட்டும் கரைந்துபோகும். சட்டை ஒரு பிக்சல் ஒல்லியானது போலத் தெரியும், அவ்வளவுதான். அச்சுக்கு நான் இதைச் செய்யமாட்டேன்.

Color முறையில் நீலம் பூசினால் சட்டை வெளுத்துப்போன நீலமாக வருகிறது. வாடிக்கையாளர் கொடுத்த நீலத்தைத்தான் போட்டேன்.

Color முறை பழைய பிக்சலின் ஒளிர்வைக் காப்பாற்றிவிட்டு நிறத்தை மட்டும் மாற்றும். நம் சிவப்பின் ஒளிர்வு ஏறக்குறைய 83, வேண்டிய நீலத்தின் ஒளிர்வு 64. (சிவப்புக்கு 0.3, பச்சைக்கு 0.59, நீலத்துக்கு 0.11 என்று எடை போட்டுக் கூட்டிப் பாருங்கள்.) 19 வித்தியாசம். அந்த 19 மூன்று எண்களிலும் ஏறி (59, 79, 169) ஆகிவிடுகிறது. வெளுப்பு அங்கிருந்துதான் வருகிறது. முதலில் சட்டை லேயரை Curves கொண்டு முக்கால் பங்கு ஒளிர்வுக்கு இறக்குங்கள், பிறகு நிறம் கொடுங்கள்.

இதைவிடப் பெரிய தப்பு, வாடிக்கையாளர் கொடுத்த நீலத்தையே போடுவது. 250 மீட்டர் தூரத்தில் இடையில் இருக்கும் காற்றும் தூசியும் எல்லா நிறத்தையும் வெளிறச் செய்து, செறிவைக் குறைத்துவிடும். அந்தத் தூரத்தில் இருக்கும் மிகக் கறுப்பான பொருளை, ஒரு கறுப்பு பேன்ட்டையோ நிழலையோ, அளந்து பாருங்கள். என் படத்தில் அது (48, 52, 60). கறுப்பின் ஒளிர்வே அங்கே 50க்குக் கீழே போகவில்லை. அந்த இடத்தில் வாடிக்கையாளரின் நிற அட்டையில் இருக்கும் அடர் நீலத்தை வைத்தால் 12 பேரும் படத்துக்கு முன்னால் மிதப்பார்கள். அதே தூரத்தில் ஏற்கெனவே நீலமாக இருக்கும் ஒரு பொருளைத் தேடுங்கள்: பதாகை, நாற்காலி, இன்னொருவரின் சட்டை. அதிலிருந்து எடுக்கும் நீலம்தான் அந்தத் தூரத்தின் நீலம். (40, 60, 150) என்பதையும் நான் அப்படித்தான், ஒரு பதாகையிலிருந்து எடுத்தேன்.

வெயிலில் நிற்பவருக்கும் நிழலில் நிற்பவருக்கும் ஒரே Curves போதாது. இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைச் சட்டை, கறுப்புச் சட்டை?

வெள்ளைக்கு Multiply. Hue நகர்த்தினால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் நகர்த்த அங்கே நிறமே இல்லை. வெயிலில் 255க்குப் போய் வெந்துவிட்ட வெள்ளை என்றால் மடிப்பு எதுவும் மிஞ்சியிருக்காது. Multiply தட்டையான துண்டுக் காகிதம் மாதிரி வரும். பக்கத்தில் வேகாத ஒரு சட்டையின் ஒளிர்வை எடுத்து வைக்க வேண்டியதுதான்.

கறுப்பிலிருந்து வெளிர் நிறத்துக்குப் போவது மிக மோசம். கறுப்பை மஞ்சளாக்க ஒளிர்வைப் பல மடங்கு தூக்க வேண்டும். தூக்கினால் துணியைவிட இரைச்சலும் JPEG கட்டங்களும்தான் முதலில் மேலே வரும். இருண்ட நிறத்திலிருந்து இருண்ட நிறத்துக்கு என்று வாடிக்கையாளரிடம் பேசிப் பார்ப்பது நல்லது.

என்னிடம் கேமரா JPEG மட்டும்தான் இருக்கிறது. சட்டைக்கு வெளியேகூடச் சிவப்பு கசிந்த மாதிரி தெரிகிறது. என் கண்ணில் கோளாறா?

கண் சரியாகத்தான் இருக்கிறது. பெரும்பாலான போன்களும் பல கேமராக்களும் JPEG எழுதும்போது ஒளிர்வை முழு அளவில் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்துவிடுகின்றன. 2க்கு 2, நாலு பிக்சலுக்கு ஒரே நிறம். பெரிய சட்டையில் இது தெரியாது. 7 பிக்சல் அகலச் சட்டைக்கு நிறம் என்று சேமிக்கப்பட்டிருப்பது அகலவாக்கில் மூன்றரை மாதிரிதான். திரும்ப விரிக்கும்போது சிவப்பு புல்லின்மேல் ஒன்றிரண்டு பிக்சல் வழியும். சுத்தப் பின்னணியை வெளியிலும் நீட்டச் சொன்னது இதனால்தான்.

உங்கள் கோப்பு எப்படி என்று பார்க்க:

```
exiftool -YCbCrSubSampling photo.jpg
```

`YCbCr4:2:0 (2 2)` என்று வந்தால் நிறம் பாதி. `YCbCr4:4:4 (1 1)` என்றால் முழுசு. முதலாவது வந்தால், RAW இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எடுத்தவர் ஹார்டு டிஸ்கில் பல நேரம் இருக்கும், கேட்காததால்தான் தருவதில்லை. படத்தின் மூலைப் பகுதி என்றால் லென்ஸின் நிறப் பிசிறு வேறு சேர்ந்துகொள்ளும். ஆளின் ஒரு பக்கம் சிவப்புக் கோடு, மறுபக்கம் வெளிர் நீலக் கோடு. RAW மாற்றும்போது அதை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு தொடங்குங்கள். கூர்மையாக்குவதை அந்தக் கட்டத்தில் பூஜ்யத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆளைச் சுற்றியும் வெளிச்ச வளையம் ஒன்று கூடுதலாக வரும்.

சட்டையில் வெள்ளையாகப் பெயர் அச்சிட்டிருந்தது. 7 பிக்சலில் அதை என்ன செய்வது?

எழுத்து தெரியாது, ஆனால் அதன் வெள்ளை எங்கும் போய்விடவில்லை. சட்டையோடு கலந்து நடுப் பிக்சல்களை வெளிர் ரோஜாவாக்கியிருக்கும். நீலமாக்கும்போது அந்த நடு கொஞ்சம் வெளிர் நீலமாகவும் செறிவு குறைந்தும் இருக்க வேண்டும். ஒரே நீலத்தை Color முறையில் பூசினால் ஒளிர்வு தானாகக் காப்பாற்றப்படும், செறிவு மட்டும் அதிகமாகிவிடும். அந்த நாலைந்து பிக்சலில் மாஸ்க்கைக் கொஞ்சம் குறைத்தால் அடியில் இருக்கும் ரோஜா எட்டிப்பார்க்கும், அதனால் அதைச் செய்யாதீர்கள். செறிவைத் தனியாகக் குறையுங்கள்.

வேலை முடிந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? 800 சதவீதத்தில் பார்த்தால் எல்லாம் தப்பாகத் தெரிகிறது, 100இல் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரிகிறது.

இரண்டையும் நம்பாதீர்கள். படத்தின் பிரதி ஒன்றை Lab முறைக்கு மாற்றி, a சேனலை மட்டும் திறந்து பாருங்கள். அதில் சிவப்புப் பக்கம் வெளுப்பாகவும் பச்சைப் பக்கம் இருட்டாகவும் தெரியும். புல்தரை இருண்ட சாம்பலாக விரிந்து கிடக்கும். எங்கெல்லாம் பழைய சிவப்பு மிச்சமிருக்கிறதோ அங்கெல்லாம் ஓரம் வெளிறி நிற்கும். GIMP என்றால் Colors, Components, Decompose வழியாகப் போய் LAB தேர்ந்தெடுங்கள். என் படத்தில் 12 பேரில் மூன்று பேரின் அக்குள் பக்கம் வளையம் அப்படியே இருந்தது. சாதாரணமாகப் பார்த்தபோது ஒன்றுமே தெரியவில்லை. முகமும் கையும் நீலச் சட்டையின் நடுவும் இந்தச் சேனலில் வெளுப்பாகத்தான் இருக்கும். அவற்றைத் துடைக்கப் போய்விடாதீர்கள்.

கடைசியில் படத்தை 2400 பிக்சலுக்குக் குறைக்கத்தானே போகிறேன். அப்போது ஓரமெல்லாம் மறைந்துவிடுமே?

மறையாது, கரையும். 7 பிக்சல் மூன்றுக்கும் குறைவாகச் சுருங்கும்போது ஓரப் பிக்சல்கள் நடுவோடு கலந்துவிடுகின்றன. 63இல் 28 ஊதாவாக இருந்தால் சுருங்கிய சட்டை முழுவதுமே ஊதா சாயும். வாடிக்கையாளர் ஓரத்தைக் குறைசொல்லமாட்டார், நீலம் சரியில்லை என்பார். நீங்களும் நீலத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். முழு அளவில் ஓரத்தைச் சரிசெய்துவிட்டுப் பிறகு சுருக்குங்கள், கூர்மையாக்குவது அதற்கும் பிறகு.

சேமிக்கும்போது மறுபடி நிறத்தைப் பாதியாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பாடுபட்டு ஓரம் ஓரமாக வரைந்ததை அந்த ஒரே சேமிப்பு வழித்துவிடும்:

```
magick final.tif -sampling-factor 4:4:4 -quality 92 final.jpg
```

அச்சகத்துக்கு TIFF ஆகவே கொடுத்துவிடுங்கள்.

நிகழ்ச்சியின் செய்திப் படமாகவும் இதையே அனுப்பலாமா?

கூடாது. யார் என்ன நிறத்தில் நின்றார்கள் என்பது செய்தியில் தகவல். செய்திக்கு அசலை அனுப்புங்கள். மாற்றிய கோப்பின் பெயரிலேயே மாற்றியது என்று எழுதி, தனி ஃபோல்டரில் வையுங்கள்.